வண்டியும் சரக்கும் முதலாக வரும்போது: கூட்டு வியாபாரத்தில் எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்

கூட்டாகக் கடை தொடங்கும் இருவரில் ஒருவரிடம் வங்கியில் பணம் இருக்கும். மற்றவரிடம் பணம் இருக்காது. ஆனால் அவர் நடத்திவந்த சிறு கடையின் சரக்கும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்த வண்டியும் இருக்கும். "நீ பணம் போடு, நான் வண்டியும் சரக்கும் போடுகிறேன்" என்று பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த வண்டிக்கும் சரக்குக்கும் என்ன விலை என்ற கேள்வி மட்டும் ஒப்பந்தப் பத்திரத்தில் ஏறாமலே போய்விடுகிறது. கூட்டு பிரியும் நாளில் பெரும்பாலான தகராறுகள் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி இருவர் பைப், பிளம்பிங் சாமான் கடை தொடங்குகிறார்கள். லாபமும் நட்டமும் சரிபாதி. அண்ணன் 9,00,000 ரூபாய் ரொக்கமாகப் போடுகிறார். தம்பி ஏற்கெனவே இதே தொழிலில் தனியாகச் சிறு கடை வைத்திருந்தவர். தன் குட்டி யானை வண்டியையும் கடையிலுள்ள சரக்கையும் கொண்டுவருகிறார். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த இருவருடையவை.

ரொக்கம் போடாமல் பொருளை முதலாகப் போடச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் முதல் பணமாகத்தான் வரவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. முதல் சரிசமமாக இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. எது முதல், அதற்கு என்ன மதிப்பு என்பதைக் கூட்டாளிகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவுதான் இங்கே முக்கியம். தொடக்கத்தில் கூட்டுக்குள் கொண்டுவரப்பட்ட சொத்து கூட்டு நிறுவனத்தின் சொத்தாகிவிடும் என்று அது சொல்கிறது. தம்பி வண்டியை முதலாகக் கொண்டுவந்த நாளிலிருந்து அது தம்பியின் வண்டி அல்ல. அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது, நிறுவனக் கணக்கில் அவர் பெயரில் ஏறும் ஒரு தொகை. உச்ச நீதிமன்றம் 1966இல் அத்தங்கி நாராயணப்பா வழக்கில் இதைத் தெளிவாக்கியது: கூட்டு நடக்கும்வரை எந்தக் கூட்டாளியும் எந்த ஒரு தனிப் பொருளையும் காட்டி 'இதில் என் பங்கு இது' என்று கேட்க முடியாது, லாபத்தில் பங்கும், கலைக்கும்போது கடன்கள் போக மிஞ்சுவதில் பங்கும்தான் அவருக்கு உண்டு.

வண்டியைக் கொடுக்காமல், கடை உபயோகத்துக்கு மட்டும் விட்டால்?

அதுவும் செய்யலாம். ஆனால் அது வேறு ஏற்பாடு. வண்டி தம்பியின் சொத்தாகவே இருக்கும். நிறுவனம் அவருக்கு மாத வாடகை கொடுக்கும். முதல் கணக்கில் வண்டிக்காக ஒரு ரூபாயும் ஏறாது. வண்டி கடைக்காக ஓடியது என்பதாலேயே அது கடையின் சொத்தாகிவிடாது. தேய்மானமும் விலை வீழ்ச்சியும் முழுக்கத் தம்பியைச் சேரும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பத்திரத்தில் 'தன் வண்டியையும் கொண்டுவருவார்' என்று மட்டும் எழுதி விலை போடாமல் விடுவதில். மூன்று வருடம் கழித்து தம்பி 'உபயோகத்துக்குத்தான் விட்டேன்' என்பார். அண்ணன் 'முதலாகக் கொடுத்தாய்' என்பார். நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் வண்டி இருக்கிறதா, அதற்குத் தேய்மானம் எழுதப்பட்டதா, டயரும் இன்சூரன்ஸும் யார் கணக்கில் போயின என்று ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டிவரும். 'முதலாக' அல்லது 'வாடகைக்கு' என்ற ஒரு சொல்லை எழுதியிருந்தால் அந்த வழக்கே இல்லை.

வண்டிக்கு எந்த விலையைப் போடுவது? வாங்கிய விலையா, கணக்கிலுள்ள விலையா, சந்தை விலையா?

மூன்றும் மூன்று வெவ்வேறு தொகைகள். தம்பி அந்த வண்டியை நான்கு வருடத்துக்கு முன் 6,00,000 ரூபாய்க்கு வாங்கினார். தன் பழைய கடைக் கணக்கில் வருடத்துக்கு 15 சதவீதம் குறைந்துசெல் மதிப்பில் தேய்மானம் எழுதியதில் இப்போது அது 3,13,204 ரூபாயாக நிற்கிறது. பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் இருவரிடம் காட்டியதில் ஒருவர் 3,40,000 என்றார், இன்னொருவர் 3,60,000 என்றார்.

வாங்கிய விலைக்கு இங்கே வேலையே இல்லை. கணக்குப் புத்தக மதிப்பு வருமானவரிக்காக ஒரே சதவீதத்தில் குறைத்துக்கொண்டே வந்த எண். வண்டி எவ்வளவு ஓடியது, எஞ்சின் எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இன்று இதே நிலையில் இதே வண்டியை வெளியில் வாங்கினால் நிறுவனம் என்ன கொடுத்திருக்கும் என்பதுதான் நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு வியாபாரிகளிடம் எழுத்தில் விலை வாங்கி, இடைப்பட்ட ஒரு தொகைக்கு இருவரும் ஒப்புக்கொள்வதே நல்ல வழி. இந்த உதாரணத்தில் 3,50,000 என்று வைத்துக்கொள்வோம்.

விலை பேசுமுன் சில விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். எஃப்சி எப்போது முடிகிறது? எட்டு வருடம் வரையுள்ள சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வருடாவருடமும் எஃப்சி எடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் எஃப்சி வருகிறதென்றால் பெயின்ட், டிங்கரிங், டயர் என்று உடனே செலவு நிற்கிறது. அதை விலையில் கழிக்க வேண்டும். இன்சூரன்ஸ் எத்தனை மாதம் பாக்கி, அபராத சலான்கள் நிலுவையில் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்சி புத்தகத்தைத் திறந்து, ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் தம்பியின் வண்டிக்கு இன்னும் 80,000 ரூபாய் கடன் பாக்கி இருக்கிறது.

விலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன கெட்டுவிடும்? இருவரும் சம்மதித்தால் போதாதா?

இருவரும் சம்மதித்தால் சட்டப்படி செல்லும். அதனால்தான் இதில் கவனம் அதிகம் வேண்டும். 'தம்பி உழைப்பவன், வண்டியை ஐந்து லட்சத்துக்கே போட்டுவிடுவோம்' என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 3,50,000 பெறும் வண்டி 5,00,000 என்று ஏறுகிறது. தம்பியின் முதலில் 1,50,000 ரூபாய் கூடுதலாகச் சேர்கிறது. அதற்கு ஈடான பொருள் கடையில் இல்லை.

அந்த 1,50,000 எங்கே போகும்? தேய்மானமாகவோ, விற்கும்போது நட்டமாகவோ ஒருநாள் கணக்கில் வந்தே தீரும். நட்டம் சரிபாதி என்பதால் 75,000 ரூபாய் அண்ணன் தலையில் விழும். அவர் தன் ரொக்கத்திலிருந்து தம்பிக்கு அவ்வளவு தொகையைக் கொடுத்ததற்குச் சமம் அது. முதலுக்கு வட்டி என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் சுமை இன்னும் ஏறும். வருமானவரிச் சட்டம் கூட்டு நிறுவனத்துக்குச் செலவாக அனுமதிக்கும் உச்ச வட்டி 12 சதவீதம். அந்த வீதத்தில் இல்லாத 1,50,000க்கு வருடம் 18,000 ரூபாய் தம்பிக்கு வட்டியாகப் போய்க்கொண்டிருக்கும்.

விலையைக் குறைத்துப் போட்டாலும் இதே கதைதான், நட்டப்படுபவர் மட்டும் மாறுவார். தம்பி கணக்குப் புத்தக மதிப்பான 3,13,204க்கே வண்டியைக் கொடுத்துவிட்டால், மறுநாள் அதை 3,50,000க்கு விற்றால் வரும் லாபத்தில் பாதி அண்ணனுக்குப் போய்விடும். உதவி செய்ய விரும்புகிறவர் அதைச் சம்பளமாகவோ கூடுதல் லாபப் பங்காகவோ வெளிப்படையாகக் கொடுக்கலாம். வண்டி விலைக்குள் ஒளித்துக் கொடுத்தால், நான்கு வருடம் கழித்து யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இருவருக்குமே தெரியாமல் போய்விடும்.

சரக்குக்கு விலை போடுவது எப்படி? பில் விலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

வண்டியைவிடச் சரக்கில்தான் ஏமாற்றம் அதிகம். வண்டி ஒன்று, கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. சரக்கு ஆயிரம் உருப்படி. அலமாரியின் பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது வைத்திருந்தவருக்கு மட்டுமே தெரியும்.

தம்பியின் கொள்முதல் பில்களின்படி ஜிஎஸ்டி நீங்கலாகச் சரக்கின் மதிப்பு 6,60,000 ரூபாய். ஆனால் பில் விலை என்பது வாங்கிய நாளின் செய்தி. கணக்கியலில் சரக்கிருப்புக்கு உள்ள விதி எளிமையானது: அடக்க விலை, விற்றால் செலவு போகக் கையில் கிடைக்கக்கூடிய தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் மதிப்பு. முதலாக வரும் சரக்குக்கும் இதே அளவுகோலை வைத்தால் தகராறு குறையும். விற்பனை விலையில் போடவே கூடாது. அப்படிப் போட்டால் இனி நிறுவனம் உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய லாபத்தை ஒருவர் முன்கூட்டியே தன் முதலாக எழுதிக்கொள்கிறார் என்றாகும்.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்து எண்ண வேண்டும். எண்ணும்போது சரக்கை மூன்றாகப் பிரிப்பது வசதி. ஓடுகிற சரக்கு முதல் வகை: அரை அங்குல, முக்கால் அங்குல பைப்பு, எல்போ, டீ, பால் வால்வு, சொல்யூஷன் டப்பா போன்றவை. இவற்றின் பில் மதிப்பு 5,40,000. இன்று வாங்கினாலும் அதே விலைதான் என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தேங்கிய சரக்கு: மாடல் போய்விட்ட குழாய்கள், ஒற்றைப்படையாக நின்றுவிட்ட வாஷ் பேசின் செட்டுகள். பில் மதிப்பு 90,000. பாதி விலைக்குத்தான் தள்ள முடியும் என்று இருவரும் ஒப்புக்கொண்டு 45,000 போடுகிறார்கள். மூன்றாவது, துருப்பிடித்ததும் உடைந்ததும்: பில் மதிப்பு 30,000, பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் வரக்கூடிய 5,000. மொத்தம் 5,90,000.

பில் விலைக்கும் இதற்கும் 70,000 ரூபாய் வித்தியாசம். எண்ணாமல் ஒப்புக்கொண்டிருந்தால் அதில் 35,000 அண்ணனுடைய பணம். உரம், பூச்சிமருந்து, மருந்து, தின்பண்டம் போன்ற தொழில்களில் காலாவதித் தேதியையும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்க வேண்டும். அங்கே தேங்கிய சரக்கின் மதிப்பு பாதியாகக் குறையாது, ஒரேயடியாகப் பூஜ்யமாகிவிடும்.

எண்ணிய பட்டியலில் உருப்படி, அளவு, எண்ணிக்கை, ஒப்புக்கொண்ட விலை எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, பத்திரத்தோடு இணைக்க வேண்டும். 'சுமார் ஆறு லட்சம் பெறுமான சரக்கு' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

அந்தச் சரக்கின் மேல் வங்கிக் கடன் இருந்தால்?

தம்பியின் பழைய கடைக்கு வங்கியில் ஓவர் டிராஃப்ட் அல்லது கேஷ் கிரெடிட் இருந்தால், சரக்கு பெரும்பாலும் வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். வங்கியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் அதை வேறு நிறுவனத்துக்கு முதலாகக் கொடுப்பது ஒப்பந்த மீறல். கடனை அடைத்துக் கணக்கை முடித்த கடிதத்தை அண்ணன் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் சங்கடம் ஒன்றும் இல்லை. சப்ளையர்களுக்கு உள்ள பழைய பாக்கியை யார் கட்டுவது என்பதையும் எழுத வேண்டும். இந்த உதாரணத்தில் பழைய பாக்கி, பழைய வசூல் இரண்டும் தம்பியோடே நிற்கின்றன. வண்டியும் சரக்கும் மட்டும் உள்ளே வருகின்றன.

கணக்கில் இது எப்படி ஏறும்? வண்டிக் கடன் என்ன ஆகும்?

வண்டிக்கு 3,50,000, சரக்குக்கு 5,90,000, ஆக 9,40,000. வண்டியின் பாக்கிக் கடன் 80,000ஐ நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது என்றால் அதைக் கழிக்க வேண்டும். தம்பி கொண்டுவந்தது 8,60,000. அண்ணனுக்குச் சமமாக்க அவர் 40,000 ரூபாய் வங்கியில் கட்டுகிறார். குறிப்பேட்டில் வரும் பதிவு இது:

வண்டி க/கு பற்று 3,50,000
சரக்கு க/கு பற்று 5,90,000
வங்கி க/கு பற்று 40,000
வண்டிக் கடன் க/கு வரவு 80,000
தம்பி முதல் க/கு வரவு 9,00,000

இரு பக்கமும் 9,80,000. பலர் செய்யும் தவறு, கடனைக் கழிக்காமல் வண்டியின் முழு விலையை முதலில் வரவு வைத்துவிட்டு, தவணையை மட்டும் மாதாமாதம் கடைப் பணத்திலிருந்து கட்டிவருவது. அப்படிச் செய்தால் தம்பியின் சொந்தக் கடனை நிறுவனம் அடைக்கிறது. தவணையைத் தம்பியே தன் கையிலிருந்து கட்டுவதாக இருந்தால் முழு 3,50,000ஐ வரவு வைக்கலாம். ஆனால் தவணை தவறினால் ஃபைனான்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போவது நிறுவனத்தின் வண்டியை என்பதை மறந்துவிடக் கூடாது.

வண்டி ஆர்சி தம்பி பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மாற்ற வேண்டும். கூட்டாளிகளுக்கு இடையே வண்டி நிறுவனச் சொத்தாகிவிட்டது என்பதற்குப் பத்திரமும் கணக்கும் போதும். ஆனால் வெளியுலகத்துக்கு ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது: விபத்து நாளில் போக்குவரத்து அலுவலகப் பதிவில் யார் பெயர் நிற்கிறதோ, இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு, வண்டியைக் கைமாற்றிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்சூரன்ஸில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு புதிய உரிமையாளருக்குத் தானாகத் தொடரும். வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தொடராது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி நிறுவனத்துடையது, பாலிசி தம்பி பெயரில் என்ற நிலையில் வண்டி கவிழ்ந்தால், கம்பெனி 'பாலிசிதாரருக்கு இந்த வண்டியில் இப்போது உரிமை இல்லை' என்று கைவிரிக்க முடியும். முதலாகப் போட்ட 3,50,000 ரூபாயும் ஒரே நாளில் போய், நட்டத்தை இருவரும் பங்கிட வேண்டிவரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஃபைனான்ஸ் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்கி, படிவம் 29, 30 இரண்டையும் கூட்டுப் பத்திர நகல், நிறுவனத்தின் பான் அட்டை, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றோடு பரிவாகன் தளம் வழியாக ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளிலும், வாங்குபவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 14 நாளுக்குள் எழுத வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள குட்டி யானை போன்ற வண்டிகளுக்கு பர்மிட் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட லாரி என்றால் பர்மிட்டையும் மாற்ற வேண்டும். அதற்குப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? இது விற்பனை இல்லையே?

பணம் கைமாறவில்லை என்பது உண்மை. ஆனால் பொருள் ஒரு பான் எண்ணிலிருந்து இன்னொரு பான் எண்ணுக்குப் போகிறது. பதிலாக முதல் கணக்கில் வரவு கிடைக்கிறது. தம்பி ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்பதால் சரக்குக்கு வரி இன்வாய்ஸ் போட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு. 18 சதவீதம் என்று வைத்தால் 5,90,000க்கு வரி 1,06,200. நிறுவனம் அதை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளும். கூட்டாளிகள் 'தொடர்புடைய நபர்கள்' என்பதால் மதிப்பில் கேள்வி எழலாம்; ஆனால் பெறுபவருக்கு முழு உள்ளீட்டு வரவும் உண்டு என்றால், இன்வாய்ஸில் போட்ட மதிப்பையே சந்தை மதிப்பாக ஏற்க விதி 28 வழி செய்கிறது. சரக்கை வேறு கிடங்குக்குக் கொண்டுபோகும்போது இ-வே பில்லும் மறக்கக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம். அந்த 1,06,200 ரூபாயைத் தம்பி கட்டியிருக்கிறார், தன் பழைய வரவிலிருந்தாவது. பலன் நிறுவனத்துக்கு வந்துவிட்டது. எனவே அந்தத் தொகை நிறுவனம் தம்பிக்குத் தர வேண்டிய பாக்கியாகவோ, கூடுதல் முதலாகவோ கணக்கில் வர வேண்டும். மேலே காட்டிய பதிவில் வரியைச் சேர்க்கவில்லை. நடைமுறையில் அதைத் தனி வரியாக எழுத வேண்டும். இதைப் பேசாமல் விட்டுப் பின்னால் மனக்கசப்பு வந்த கூட்டுகள் உண்டு.

வண்டிக்கு வேறு கணக்கு. தம்பி அதை வாங்கியபோது உள்ளீட்டு வரவு எடுக்கவில்லை என்றால், பழைய வண்டிகளுக்கான விதிப்படி ஒப்புக்கொண்ட விலைக்கும் தேய்மானம் போக நின்ற மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. வித்தியாசம் 36,796, அதில் 18 சதவீதம் ஏறத்தாழ 6,600 ரூபாய். உள்ளீட்டு வரவு எடுத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

கடன், வசூல், சரக்கு, வண்டி எல்லாவற்றோடும் பழைய கடையை ஓடுகிற நிலையிலேயே முழுதாக நிறுவனத்துக்குக் கொடுத்தால் வழி வேறு. அப்போது இன்வாய்ஸ் வரி இல்லாமல், பட்டயக் கணக்காளர் சான்றோடு ஐடிசி-02 படிவம் மூலம் மீதமுள்ள உள்ளீட்டு வரவை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பழைய கடன்களும் நிறுவனத்துக்கு மாற வேண்டும் என்பதால், அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சம்மதிக்க வேண்டும்.

வருமானவரி?

1985இல் சுனில் சித்தார்த்பாய் வழக்கில், முதலாகக் கொடுக்கப்படும் சொத்துக்கு என்ன பிரதிபலன் என்று அந்த நாளில் கணக்கிட முடியாது, ஆகவே மூலதன ஆதாய வரி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நாடாளுமன்றம் 45(3) என்ற பிரிவைச் சேர்த்தது. நிறுவனக் கணக்கில் என்ன தொகை பதிவாகிறதோ அதுவே விற்பனை விலையாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். தம்பியிடம் அந்தத் தேய்மானத் தொகுதியில் வேறு சொத்து இல்லை என்றால் 36,796 ரூபாய் அவருக்குக் குறுகியகால மூலதன ஆதாயம். சரக்கு மூலதனச் சொத்து அல்ல என்பதால் அது இந்தப் பிரிவுக்குள் வராது. 2026 ஏப்ரல் 1 முதலான கணக்குகளுக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துவதால் பிரிவு எண்கள் வேறாக இருக்கும்.

வண்டி விலையை ஊதிப் பெருக்கி நிறுவனத்தில் தேய்மானம் அதிகம் எடுக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். வரியைக் குறைப்பதே முக்கிய நோக்கம் என்று கண்டால் உண்மையான அடக்கத்தை அதிகாரியே நிர்ணயிக்க முடியும். வியாபாரிகளிடம் எழுத்தில் வாங்கிய அந்த இரண்டு விலைச் சீட்டுகள் இங்கேயும் கைகொடுக்கும்.

மூன்று வருடம் கழித்துப் பிரிந்தால், 'என் வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லலாமா?

உரிமையாகக் கேட்க முடியாது. கணக்கு எப்படி முடியும் என்று பார்ப்போம். 15 சதவீதத் தேய்மானத்தில் 3,50,000 மூன்று வருடத்தில் 2,14,944 ஆகியிருக்கும். அன்று அதை விற்றால் 1,90,000 கிடைக்கிறது. தேய்மானமாகப் போன 1,35,056ம், விற்பனை நட்டமான 24,944ம் சேர்ந்து 1,60,000. இதில் பாதி, 80,000 ரூபாய், அண்ணனைச் சேரும். வண்டி கடைக்காக ஓடித் தேய்ந்தது. தேய்மானத்தை இருவரும் சுமப்பது நியாயமே. தம்பியின் முதல் கணக்கில் 'வண்டிக்கு 3,50,000' என்று ஏறியது ஏறியதுதான். வண்டி விலை வீழ்ந்தது என்பதற்காக அவருடைய முதலைக் குறைக்க முடியாது. இரும்பு விலை ஏறிப் பழைய வண்டிக்கு நல்ல விலை வந்தால், அந்த லாபமும் அவருக்கு மட்டும் சொந்தமாகாது.

சட்டத்தின் 48ஆம் பிரிவு வரிசையைச் சொல்கிறது. முதலில் வெளிக் கடன், அடுத்து கூட்டாளிகள் கடனாகக் கொடுத்த பணம், அதன்பின் அவரவர் முதல், மிச்சம் இருந்தால் லாப விகிதத்தில். சொத்து போதாமல் முதலே குறைந்தால் அந்தக் குறைவும் லாப விகிதத்தில்தான்.

தம்பிக்கு வண்டி வேண்டுமென்றால், பிரியும் நாளின் விலைக்கு அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே பத்திரத்தில் எழுதலாம். அன்றைய விலை எப்படி முடிவாகும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்: இரண்டு வியாபாரிகள் எழுத்தில் தரும் விலையின் சராசரி போல. நிறுவனம் கூட்டாளிக்குச் சொத்தாகத் திருப்பிக் கொடுத்தால் அன்றைய சந்தை மதிப்பில் நிறுவனத்துக்கு வரி வரும் என்று 2021இல் வருமானவரிச் சட்டத்தில் சேர்த்த பிரிவு சொல்வதால், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

விலை ஒப்புக்கொண்ட பிறகு சரக்கு மோசம் என்று தெரிந்தால்?

இருவரும் எண்ணிக் கையெழுத்திட்ட விலை இருவரையும் கட்டும். 'பிறகுதான் பார்த்தேன்' என்பது போதாது. தெரிந்தே மறைத்திருந்தால் நிலைமை வேறு. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாகவும் முழுத் தகவலோடும் நடக்க வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. மோசடியால் நிறுவனத்துக்கு வந்த நட்டத்தைச் செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. ஆனால் நீதிமன்றத்தில் மோசடியை நிரூபிப்பது கடினமான வேலை. நிறுவனத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் விட்டிருந்தால், கலைத்துக் கணக்குக் கேட்கும் வழக்கைத் தவிர ஒப்பந்த உரிமைக்காகக் கூட்டாளிமேல் வழக்குப் போடவே 69ஆம் பிரிவு தடையாக நிற்கும்.

இதற்கு எளிய தீர்வு பத்திரத்திலேயே இருக்கிறது. தேங்கிய சரக்குக்கு மட்டும் ஆறு மாதக் கெடு வைக்கலாம். அதற்குள் ஒப்புக்கொண்ட விலைக்கு விற்காததைத் தம்பி அதே விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தை வங்கியில் கட்டுவார் என்று எழுதலாம். இதற்குத் தயங்குகிற கூட்டாளி, அந்தச் சரக்கின் மதிப்பை அங்கேயே குறைத்துக்கொள்ள முன்வருவதுண்டு.

பத்திரத்தில் என்ன வாசகம் எழுதுவது?

நம் உதாரணத்துக்கு இப்படி அமையலாம்:

'இரண்டாம் கூட்டாளி, அட்டவணை அ-வில் கண்ட பதிவு எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண் உள்ள சரக்கு வாகனத்தை ரூ.3,50,000 என்றும், அட்டவணை ஆ-வில் கண்ட சரக்கை ஜிஎஸ்டி நீங்கலாக ரூ.5,90,000 என்றும் இரு கூட்டாளிகளும் ஒப்புக்கொண்ட மதிப்பில் நிறுவனத்துக்கு முதலாகக் கொடுத்து, இன்று ஒப்படைத்துள்ளார். வாகனத்தின்மேல் உள்ள கடன் பாக்கி ரூ.80,000ஐ நிறுவனம் ஏற்கிறது. சரக்குக்கு இரண்டாம் கூட்டாளி செலுத்தும் ஜிஎஸ்டி தொகை அவருக்கு நிறுவனம் தர வேண்டிய கடனாகும். இன்றுமுதல் மேற்படி வாகனமும் சரக்கும் நிறுவனத்தின் சொத்து. அவற்றின் மதிப்பில் ஏற்படும் ஏற்றமும் இறக்கமும் நிறுவனத்தைச் சேரும். பதிவுச் சான்றும் காப்பீடும் 30 நாளுக்குள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்படும். அதுவரை வாகனத்தால் ஏற்படும் பொறுப்பை நிறுவனம் ஏற்று, இரண்டாம் கூட்டாளியை ஈடுசெய்யும்.'

கடைசி வாக்கியம் தம்பிக்கான பாதுகாப்பு. ஆர்சி மாறுமுன் விபத்து நடந்தால் நீதிமன்றம் அவரைத்தான் தேடும். அவர் கட்டிய தொகையை நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற இந்த வரி அவருக்கு உதவும். அதற்காக அந்த 30 நாளை நீட்டிக்கொண்டு போகக் கூடாது. பெயர் மாற்ற விண்ணப்ப ரசீதையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிய கடித நகலையும் அட்டவணைகளோடு ஒரே கோப்பில் வைத்து, ஒரு பிரதியை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.